பத்தடி ஹாலில் அஞ்சு படி கொலு: அழகரை மலையிலிருந்து வைகைக்கு இறக்கும் முறை

திருமங்கலத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் ஏழு படி கொலு தாராளமாக உட்காரும். மதுரையில் இப்போது இருக்கும் ஃபிளாட்டுக்கு வந்த முதல் வருஷம் அதே ரெடிமேட் இரும்புப் படிகளைக் கொண்டுவந்து மாட்டினோம். ஒவ்வொரு படியும் 10 இன்ச் உயரம், 10 இன்ச் அகலம். ஏழு படி சேர்ந்து சுவரிலிருந்து 70 இன்ச் முன்னால் வந்துவிட்டது, ஹாலே அந்தப் பக்கம் 120 இன்ச்தான். மிச்சம் இருந்த நாலடியில் கோலம், விளக்கு, அதற்கப்புறம் வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். பாட்டு பாட வந்த பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவை நாற்காலியில் பெட்ரூம் வாசலில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. மறு வருஷம் அந்தப் படிகளைச் சித்தி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்து திட்டமிட்டோம். அந்தத் திட்டத்தை அப்படியே இங்கே எழுதுகிறேன், உங்கள் ஹாலின் அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் ஹால் கிழக்கு மேற்காக 10 அடி, தெற்கு வடக்காக 11 அடி. வாசல் கிழக்குச் சுவரின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. கிச்சனும் பெட்ரூமும் தெற்குப் பக்கம், ஜன்னல் வடக்கில். மேற்குச் சுவரில் டிவி மட்டும்தான்.

முதலில் பொம்மையை அளக்க வேண்டும், அப்புறம்தான் படி

பெரும்பாலோர் படியை முதலில் வாங்கிவிட்டு அதில் பொம்மைகளை அடுக்கப் பார்ப்பார்கள், சின்ன ஹாலில் இடம் வீணாவது அங்கேதான். 4 இன்ச் பொம்மைக்கும் 10 இன்ச் உயரப் படி, 12 இன்ச் பொம்மைக்கும் அதே 10 இன்ச். முதலாவதில் பொம்மைக்கு மேலே வெறும் வெள்ளைத் துணி தெரியும், இரண்டாவதில் முன்னால் நிற்கிற பொம்மையின் தலை பின்படிப் பொம்மையின் காலை மறைத்துவிடும்.

ஆடி மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பொம்மைகளையும் பெட்டியிலிருந்து எடுத்து, தரையில் செய்தித்தாள் விரித்து, உயரவாரியாக வரிசையாக நிறுத்துங்கள். டேப்பால் பீடத்தோடு சேர்த்து உயரம், அப்புறம் பீடத்தின் முன்பின் அளவு, இரண்டையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் 70க்கு மேல் இருந்தது. நாலடி அகலப் படியில் அவ்வளவையும் திணித்தால் எதுவும் கண்ணில் நிற்காது என்பதால் 45 மட்டும் எடுத்துக்கொண்டோம். மிச்சத்தை விட்டுவிடுகிறோமே என்று அத்தைக்கு மனசே இல்லை, அடுத்த வருஷம் அவற்றுக்கு முறை வைப்பது என்று பேசிக்கொண்டோம். மரப்பாச்சியும், அத்தையின் அம்மா கொடுத்த பிள்ளையாரும், செட்டியார் கடையும் மட்டும் எல்லா வருஷமும் உண்டு.

இனி படியின் உயரத்துக்கு வருவோம். ஒரு படிக்கும் அதற்கு அடுத்த மேல்படிக்கும் உள்ள உயர வித்தியாசம், கீழ்ப்படியில் நிற்கும் பொம்மையின் உயரத்தைவிட 1 இன்ச் கூடுதலாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கு ஒன்றுதான் முக்கியம். அந்த 1 இன்ச் எதற்கென்றால், கொலு பார்க்க வருபவர்கள் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பெரியவர்களின் கண் தரையிலிருந்து சுமார் 28 இன்ச் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே இருக்கும் படிகளை அவர்கள் குனிந்து பார்ப்பதால் மறைப்பு வராது, அதற்கு மேலே போகும் படிகளை அண்ணாந்து பார்ப்பதால் முன்படிப் பொம்மையின் தலை பின்படியை எட்டிப் பிடிக்கும். எங்கள் பழைய ஏழு படியில் உச்சி 70 இன்ச்சில் இருந்தது, உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் கலசத்தின் தேங்காய் மட்டும்தான் தெரிந்தது. சின்ன ஹாலில் ஆட்கள் பின்னால் தள்ளி உட்காரவும் முடியாது. ஆகவே உச்சிப்படி 36 இன்ச்சைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குள் மூன்றோ அஞ்சோ படி வந்தால் போதும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதுதான் வழக்கம்.

எந்தக் கதையைப் படியில் வைப்பது

சின்ன இடத்துக்கு, படியின் வடிவமே கதையைச் சொல்கிற மாதிரி ஒரு கரு வேண்டும். திருவிளையாடல் 64ஐயும் வைக்க ஆசை வரும், ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிக் காட்சி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கேட்கும். நாங்கள் எடுத்துக்கொண்டது அழகர் ஆற்றில் இறங்குவது. மலையிலிருந்து கிளம்பி, வழியில் எதிர்சேவை ஏற்று, வைகைக்கு வருவது என்பதே மேலிருந்து கீழே இறங்கும் பயணம்தானே, படியும் மேலிருந்து கீழே இறங்குகிறது. மதுரைக்காரர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வந்த என் தங்கையின் பிள்ளைகளுக்கும் மேல்படியிலிருந்து விரலை வைத்துக் கீழே கொண்டுவந்தே முழுக்கதையையும் சொல்லிவிட முடிந்தது.

இதை அஞ்சு படிக்கும் தரைக்கும் இப்படிப் பிரித்தோம்.

அஞ்சாம் படி, அதாவது உச்சி: கருவுக்கு வெளியே, வழக்கமான தெய்வங்கள் மட்டும். நடுவில் கலசம், பக்கத்தில் மரப்பாச்சி ஜோடி, பிள்ளையார், பிறகு துர்க்கை, லட்சுமி, சரஸ்வதி. இவை 12 இன்ச் வரை உயரம். பின்னால் எதுவும் இல்லாததால் உயரம் இங்கே தொந்தரவில்லை.

நாலாம் படி: மீனாட்சி திருக்கல்யாணம். மீனாட்சி, சுந்தரேசுவரர், தாரை வார்க்கும் பெருமாள், மூன்றும் 9 இன்ச். இங்கே ஒரு விவரம் கவனிக்க வேண்டும். தாரை வார்க்கும் பெருமாளை அழகர் என்று நினைத்துக்கொண்டு அதே பச்சைப் பட்டு கட்டிவிடுகிறார்கள். தங்கையின் கல்யாணத்துக்குக் கிளம்பிய அழகர் வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது, அதனால்தான் அவர் ஊருக்குள் வராமல் ஆற்றோடு திரும்புகிறார் என்று நாம் சொல்லும் கதைக்கு அது பொருந்தாது. கோயிலில் திருக்கல்யாணத்துக்கு எழுந்தருள்வது திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். ஆகவே அந்தப் பொம்மைக்கு வேறு நிறத்தில் துணி கட்டுங்கள், பார்க்கிறவர்கள் இருவரையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாம் படி: அழகர்மலை. காடு, பதினெட்டாம்படிக் கருப்பணசாமி சன்னதியின் கதவு, பல்லக்கில் கள்ளர் திருக்கோலத்தில் அழகர். கருப்பணசாமிக்கு அங்கே உருவம் இல்லை, கதவுகளுக்குத்தான் பூஜை. அதனால் அட்டையில் ஒரு இரட்டைக் கதவு செய்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச்சரம் சாத்தினோம். பல்லக்கு 8 இன்ச்.

இரண்டாம் படி: எதிர்சேவையும் தல்லாகுளமும். இங்கே கூட்டம்தான் காட்சி, எல்லாம் 4 இன்ச்சுக்குள். தோல்பையில் தண்ணீர் சுமந்து பீய்ச்சுபவர்கள், சர்க்கரைச் செம்பு ஏந்திய பெண்கள், திரி சுமப்பவர்கள். தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஆண்டாள் மாலையைச் சாத்திக்கொள்ளும் அழகர் இங்கே சின்னதாக, கையளவில்.

முதல் படி: வைகைக் கரை, மண்டகப்படிப் பந்தல்கள், திருவிழாக் கடைகள். எங்கள் செட்டியாருக்கு இங்கேதான் கடை போட்டுக் கொடுத்தோம். எப்போதும் ஒரு ஓரத்தில் அரிசி பருப்பு வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பவர், இந்த முறை திருவிழாக் கூட்டத்தின் நடுவில் நாட்டுச் சர்க்கரையும் பொரிகடலையும் விற்றார். பொம்மைகள் 5 இன்ச்.

தரை: வைகை ஆறு. தங்கக் குதிரையில் பச்சைப் பட்டு உடுத்திய அழகர், எதிர்கொண்டு அழைக்கும் வீரராகவப் பெருமாள் வெள்ளிக் குதிரையில், கிழக்கே தள்ளி தேனூர் மண்டபம், அதன் காலடியில் சாப விமோசனத்துக்குக் காத்திருக்கும் மண்டூக முனிவராக ஒரு தவளை.

அழகர் இப்படி மூன்று இடத்தில் வருகிறாரே என்று கேட்கலாம். எனக்கு முதலில் தோன்றியது வேறு யோசனை, ஒரே அழகரை ஒவ்வொரு நாளும் ஒரு படி இறக்கி, சரஸ்வதி பூஜை அன்று ஆற்றில் சேர்ப்பது. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "கொலுவுல உக்கார வச்ச சாமிய விஜயதசமி வரைக்கும் அசைக்கக்கூடாதும்மா" என்றார். பல வீடுகளில் அதுதான் முறை, சரி என்று விட்டுவிட்டேன். பழைய கோயில் சுவர் ஓவியங்களில் ஒரே ஆளைக் கதையின் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பத் திரும்ப வரைந்திருப்பார்கள், அதே மாதிரி மூன்று அழகர் வைத்தோம். யாருக்கும் குழப்பம் வரவில்லை.

கணக்கு

மேலே சொன்ன 1 இன்ச் விதிப்படி உயரங்களைப் போடுவோம். முதல் படி தரையிலிருந்து 5 இன்ச், ஆற்றில் நிற்கும் கூட்டம் சின்னது என்பதால் இது போதும். முதல் படியில் 5 இன்ச் பொம்மை, ஆகவே இரண்டாம் படி அதற்கு மேல் 6 இன்ச், தரையிலிருந்து 11. இரண்டாம் படியில் 4 இன்ச் பொம்மை, மூன்றாம் படி 5 இன்ச் ஏறி 16. மூன்றாம் படியில் 8 இன்ச் பல்லக்கு, நாலாம் படி 9 ஏறி 25. நாலாம் படியில் 9 இன்ச் பொம்மை, உச்சி 10 ஏறி 35.

அகலம் பொம்மையின் பீடத்தைப் பொறுத்தது, பீடத்துக்குப் பின்னால் 2 இன்ச் இருந்தால் கை நுழைந்து துடைக்க முடியும். கீழிருந்து மேலாக 7, 7, 9, 8, 9. மொத்தம் 40 இன்ச். இப்போது ஹாலின் 120 இன்ச்சில் 40 போக 80. ஆற்றுக்கு 20 இன்ச் கொடுத்தால் மிச்சம் 60 இன்ச், அதாவது அஞ்சடி. இரண்டு வரிசையாக ஆறு பேர் நிம்மதியாக உட்காரலாம். முன்பு ஏழு படியில் வைகை ஆறு இல்லாமலே 50 இன்ச்தான் கிடைத்தது.

படியின் நீளம் 4 அடி. ஹாலின் மேற்குச் சுவர் 11 அடி என்றாலும் அதற்கு மேல் போகாதீர்கள். வாசல் கதவு உள்பக்கம் திறக்கும்போது எடுக்கும் 3 அடி, கிச்சனுக்குப் போகிற வழி, இரண்டும் ஒன்பது நாளும் காலியாக இருக்க வேண்டும். நாங்கள் படியை வடமேற்கு மூலை பக்கம் தள்ளி, வடக்குச் சுவரிலிருந்து 9 இன்ச் விட்டு, கிழக்கு பார்த்து வைத்தோம். அந்த 9 இன்ச் சந்தில்தான் பிளக் பாயின்ட் இருக்கிறது. சுவிட்ச்போர்டை மறைத்துப் படி கட்டிவிட்டு, லைட் போட ஒவ்வொரு நாளும் பொம்மைகளுக்கு மேலே கையை நீட்டுவது ஆபத்து.

படி கட்டுவதற்கு முன் இன்னொன்று செய்யுங்கள். செலோ டேப்பையோ சாக்பீஸையோ வைத்து இந்த அளவுகளைத் தரையில் வரைந்து, இரண்டு நாள் அப்படியே விட்டு, அந்தக் கோட்டை மிதிக்காமல் வீட்டில் நடந்து பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். எங்களுக்கு ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கும் இடத்தில் 3 இன்ச் இடித்தது, படியை அந்த அளவு வடக்கே தள்ளினோம்.

படி செய்தல்

எல்லாப் படியும் வெவ்வேறு உயரம் என்பதால் ரெடிமேட் இதற்குச் சரிப்படாது. ஆசாரியிடம் மூன்று படிச்சட்டம் வெட்டித் தரச் சொல்லுங்கள், மாடிப்படியின் பக்கவாட்டுப் பலகை மாதிரி பல்பல்லாக வெட்டியது. இடதில் ஒன்று, வலதில் ஒன்று, நடுவில் ஒன்று. அவற்றின் மேல் அஞ்சு பலகை, ஒவ்வொன்றும் 48 இன்ச் நீளம். எல்லாமே 18 மில்லிமீட்டர் பிளைவுட், ஒன்றரை ஷீட்டில் முடிந்தது. பலகையின் கனம் முக்கால் இன்ச் எல்லாப் படியையும் ஒரே அளவு உயர்த்தும், ஆகவே படிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் மாறாது. முதல் பல்லை மட்டும் முக்கால் இன்ச் குறைத்து வெட்டி, அதிலிருந்து மற்றதைக் கணக்கிடச் சொல்லுங்கள். திருவிழா முடிந்ததும் எல்லாம் பிரிந்து கட்டிலுக்கு அடியில் தட்டையாகப் போய்விடும்.

நடுச்சட்டம் வேண்டாம், இரண்டு பக்கமும் இருந்தால் போதும் என்று ஆசாரி சொல்லலாம். விடாதீர்கள். நாலடிப் பலகை இரண்டு ஓரத்தில் மட்டும் தாங்கினால் நடுவில் மெல்லத் தொய்யும், களிமண் பொம்மை ஒரு அடி உயரமென்றால் இரண்டு மூன்று கிலோ கனம் இருக்கும். முதல் நாள் தெரியாது, மூன்றாம் நாள் நடுவில் இருக்கும் பொம்மை கொஞ்சம் முன்னால் சாய்ந்த மாதிரி இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி கோலிக்குண்டு. துணி விரிக்கும் முன் கனமான பொம்மைகளை வைத்துவிட்டு, பலகையின் ஓரத்தில் குண்டை விடுங்கள். அது உருண்டு நடுவுக்குப் போய் நின்றால் பலகை தொய்கிறது, முன்பக்கம் உருண்டு விழுந்தால் தரை சரிவாக இருக்கிறது, சட்டத்தின் முன்காலுக்கு அடியில் மடித்த அட்டை கொடுங்கள். குண்டு வைத்த இடத்திலேயே நிற்கும் வரை பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நாலாம், அஞ்சாம் படிக்கு அடியில் நல்ல காலியிடம் கிடைக்கும். பொம்மை எடுத்த அட்டைப்பெட்டிகளை அங்கே அடுக்கிவிடலாம். ஃபிளாட்டில் காலிப் பெட்டிகளுக்கு இடம் தேடுவது பெரிய பாடு, இதில் அது தீர்ந்துவிடுகிறது. கடைசியில் சட்டங்களின் பின்பக்கத்தை ஒரு ரீப்பரால் இணைத்து, சுவரில் சாய்த்துவிடுங்கள்.

துணிக்கு எட்டு முழ வேட்டி அளவெடுத்த மாதிரி பொருந்தும். உயரம் 35, அகலம் 40, ஆக 75 இன்ச், முன்னும் பின்னும் செருக 6 இன்ச் வீதம் சேர்த்தால் 87. நாலு முழம் பத்தாது, எட்டு முழத்தில் மீதியைப் பின்னால் மடித்து விட்டுவிடலாம். வேட்டியின் அகலம் சுமார் 50 இன்ச், நம் படி 48. மேலிருந்து கீழே வராமல், கீழிருந்து மேலே விரித்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு மரஸ்கேலை வைத்து அழுத்திவிட்டு அடுத்த படிக்குப் போனால் மடிப்பு நிற்கும். பக்கவாட்டில் தெரியும் பிளைவுட்டைப் பழைய பட்டுப்புடவையின் முந்தானையால் மூடினோம்.

பொம்மை வாங்குவதும் செய்வதும்

தங்கக் குதிரை அழகருக்கு விளாச்சேரிக்குப் போனோம். திருப்பரங்குன்றம் பக்கம் இருக்கும் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பொம்மை வேலை நடக்கும். அங்கே விநாயகர் சதுர்த்தி வரை பிள்ளையார் வேலையில் மூழ்கியிருப்பார்கள், அதனால் கொலுவுக்குத் தனி ஆர்டர் என்றால் ஆடியிலேயே சொல்லிவைப்பது நல்லது. உயரம் சொல்லும்போது 'குடையோட, பீடத்தோட சேர்த்து இத்தனை இன்ச்' என்று சொல்லுங்கள். வெறும் 9 இன்ச் என்றால் சிலை 9 இன்ச்சும், பீடமும் குடையும் சேர்ந்து 13 இன்ச்சுமாக வந்து நிற்கும், உங்கள் படிக்கணக்கு எல்லாம் போச்சு.

குதிரையைக் களிமண்ணில் வாங்காமல் காகிதக்கூழில் வாங்கினேன். முன்னங்கால் தூக்கிய குதிரை இரண்டு மெல்லிய பின்னங்காலில்தான் நிற்கிறது, களிமண்ணில் அந்தக் கால்தான் முதலில் உடையும். மற்ற சுடுமண் பொம்மைகளை வாங்கும்போது விரல் முட்டியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்திருக்கிறது. டொக்கென்று அடங்கிக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம், அல்லது சரியாக வேகவில்லை.

அளவுப் பொருத்தம் பற்றி ஒன்று. அழகர் 9 இன்ச், சுற்றி நிற்கும் கூட்டம் 3 இன்ச். தெய்வம் பெரிதாகவும் மனிதர்கள் சின்னதாகவும் இருப்பது நம் கண்ணுக்குப் பழகியதுதான், உறுத்தாது. ஆனால் கூட்டத்துக்குள் ஒருவர் 3 இன்ச், பக்கத்தில் இன்னொருவர் 6 இன்ச் என்றால் உடனே உறுத்தும். ஒரு காட்சிக்குள் மனிதர்கள் எல்லாம் ஒரே அளவு. அளவு ஒத்துவராத நல்ல பொம்மைகளை, எங்களிடம் தஞ்சாவூர்த் தலையாட்டி ஒன்று இருந்தது, தனியாக ஒரு ஸ்டூலில் வைத்துவிடுங்கள்.

கூட்டத்துக்கு 20 பேர் வேண்டியிருந்தது. கடையில் அத்தனையும் வாங்கினால் செலவு, என் மகளும் அவள் தோழிகளும் காகிதக்கூழில் செய்தார்கள். உடம்பு வெறும் கூம்பு, தலைக்கு ஒரு உருண்டை, துணியால் தலைப்பாகை. சாமிக்கும் அடியார்களுக்கும் துணி தைத்துத் தரும் கடைகளில் வெட்டுத்துண்டு கேட்டால் கொடுப்பார்கள், புதுமண்டபத்தில் இருந்த அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

ஆறு

இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நிஜத் தண்ணீர் வைத்தால் அழகாக இருக்கும் என்று தட்டில் ஊற்றி, அதில் மண் பொம்மையை நிறுத்துவார்கள். சுடாத மண்ணும் சரியாகச் சுடாத மண்ணும் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இரண்டு மூன்று நாளில் பீடத்தின் பெயின்ட் உப்பி உரிய ஆரம்பிக்கும். காகிதக்கூழ் என்றால் பீடமே கூழாகிவிடும்.

வைகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலான நாள் அகலமான மணலும் நடுவில் ஒரு ஓடைத் தண்ணீரும்தான். அதையே செய்தால் நிஜமாகவும் இருக்கும், சுலபமாகவும் இருக்கும். 48க்கு 20 இன்ச் அளவில் ஒரு பழைய ஃபிளெக்ஸ் ஷீட்டை விரித்து, ஓரத்தில் 1 இன்ச் உயர அட்டையை எல்லையாக ஒட்டுங்கள். உள்ளே தெர்மோகோல் பரப்பி, அதன் மேல் கால் இன்ச் கனத்துக்கு மட்டும் சலித்துக் காயவைத்த மணல். முழு 1 இன்ச்சும் மணலே என்றால் 20 கிலோவுக்கு மேல் வேண்டும், மாடிக்குச் சுமந்து, பிறகு திரும்பக் கீழே இறக்க வேண்டும். கால் இன்ச்சுக்கு ஏழெட்டுக் கிலோ போதும். நடுவில் கை அகலத்துக்கு மணலை விலக்கி, நீல சாட்டின் துணியும் அதன் மேல் பளபளப்பான கண்ணாடித்தாளும் வளைவாக விரித்தால் ஓடை. குதிரையின் பீடத்தை மணலுக்குள் பாதி புதைத்து, கால் தண்ணீரில் படுகிற மாதிரி வையுங்கள்.

அழகரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் முன்பக்கம் இருப்பவர்கள் நமக்கு முதுகு காட்டட்டும். எல்லாப் பொம்மையும் நம்மைப் பார்த்துக்கொண்டு நின்றால் திருவிழாக் கூட்டமாகவே தெரியாது. மகள்தான் இதைத் திருப்பி வைத்தாள், வைத்ததும் நாமும் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

மலைக்குப் பச்சை வேண்டுமென்றால் அமாவாசைக்கு அஞ்சு நாள் முன்னால் கேழ்வரகோ கடுகோ விதைத்துவிடுங்கள், கொலுவுக்குச் சரியாக முளைத்து நிற்கும். ஸ்வீட் பாக்ஸின் பிளாஸ்டிக் மூடியில், தேங்காய் நார்த் தூளின் மேல் தூவி, தண்ணீர் தெளித்து, முதல் இரண்டு நாள் மூடி வையுங்கள். படியில் மூடியோடுதான் வைக்க வேண்டும். ஈரம் வேட்டிக்கு இறங்கினால் மஞ்சள் கறை பிடிக்கும்.

விளக்கு, காற்று, எறும்பு

புரட்டாசியில் மதுரையில் ஃபேன் இல்லாமல் ஆள் உட்கார முடியாது. குத்துவிளக்கைப் படியின் முன்னால் நடுவில் வைத்தால் ஃபேன் காற்றில் சுடர் துணிப்பக்கம் சாயும். தெற்கு ஓரத்தில், படித்துணியிலிருந்து 2 அடி தள்ளி, பித்தளைத் தாம்பாளத்தில் வையுங்கள். படிகளின் மேல் எண்ணெய் விளக்கே வேண்டாம். மின்விளக்குக்கு மஞ்சள் வெளிச்சம் தரும் எல்.இ.டி சீரியல் செட் ஒன்று, அது பலகைகளின் முன் விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கட்டும். பல்பு நேராகக் கண்ணில் படாமல், அதன் வெளிச்சம் மட்டும் படிகளில் பரவ வேண்டும். விட்டுவிட்டு மின்னுவதை நிறுத்தி வையுங்கள், சின்ன அறையில் கண் வலிக்கும். ஜன்னல் பக்கம் சாயங்கால மழைச் சாரல் அடிக்கும் நேரம் இது, கொலு முடியும் வரை வடக்கு ஜன்னலின் கீழ்க்கதவைச் சாத்தியே வைத்தோம்.

செட்டியார் கடையில் சர்க்கரையும் பொட்டுக்கடலையும் இருப்பதால் எறும்பு வரும். அந்தப் படிக்கட்டுச் சட்டத்தின் கால்களைச் சுற்றி மஞ்சள்தூள் கோடு போட்டுப் பார்த்தோம், முழுசாக நிற்கவில்லை. தினமும் காலையில் கடைச் சாமானை மாற்றிவிடுவதுதான் பலித்தது.

எந்த நாளில் எது

மகாளய அமாவாசைக்கு முந்தின நாள் சட்டம், பலகை, கோலிக்குண்டு சோதனை, துணி, லைட் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அமாவாசை அன்று நல்ல நேரம் பார்த்து மரப்பாச்சியை முதலில் உச்சிப்படியில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு மேலிருந்து கீழாக அடுக்கிக்கொண்டு வாருங்கள். கீழிருந்து ஆரம்பித்தால் மேல்படிக்குக் கை நீட்டும்போது புடவைத் தலைப்பு கீழ்ப்படிப் பொம்மைகளைத் தட்டிவிடும். ஆறு கடைசி. மறுநாள் பிரதமை அன்று கலசம். ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரு தடவை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள், நின்றுகொண்டு பார்த்துத் திருப்திப்பட்டுவிட வேண்டாம்.

விஜயதசமி இரவு ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம், நாங்கள் மரப்பாச்சி ஜோடியைப் படுக்க வைக்கிறோம். மறுநாள் எடுத்து வைக்கும்போது படிவாரியாகப் பெட்டி கட்டுங்கள். ஒரு படிக்கு ஒரு பெட்டி, உள்ளே பழைய காட்டன் புடவைத் துண்டுகளில் சுற்றி, கனமானது அடியில். செய்தித்தாளை நேராகப் பொம்மையின் மேல் சுற்றினால் ஈரநாளில் மை பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் அந்தப் படியின் போட்டோவையும், உயர அளவையும் ஒட்டிவிட்டேன். ஆறு பெட்டியும் கட்டிலுக்கு அடியில் பலகைகளோடு இருக்கின்றன, மணல் மட்டும் மாடித் தொட்டியில் துளசிக்குப் போய்விட்டது.